கம்பெனி வெப்சைட்டில் லோகோ இருக்கு... அதற்குப் பின்னால் உண்மை இருக்கா? விருது, மீடியா, கிளையண்ட் முத்திரைகளைச் சரிபார்ப்பது எப்படி?

சில சொட்டு ரத்தத்தை வைத்தே ஏகப்பட்ட பரிசோதனைகளைச் செய்துவிடலாம் என்று சொல்லி, பெரும் முதலீட்டை ஈர்த்த அமெரிக்க நிறுவனம் தெரனோஸ். அது வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனத்திடமும் முதலீட்டாளர்களிடமும் காட்டிய ஆவணங்களில் ஒன்று, தெரனோஸின் கருவியைப் பாராட்டும் ஓர் அறிக்கை. அதன் மேலே ஃபைசர் நிறுவனத்தின் லோகோ இருந்தது. பார்ப்பவருக்கு என்ன தோன்றும்? 'ஃபைசரே ஓகே சொல்லிட்டாங்க' என்றுதானே!

ஆனால் அந்த அறிக்கையைத் தயாரித்தது தெரனோஸ். ஃபைசர் தரப்பில் அந்தத் தொழில்நுட்பத்தை மதிப்பிட்ட விஞ்ஞானியோ, இவர்களுடன் சேர்ந்து செயல்பட வேண்டாம் என்றே கருத்து சொல்லியிருந்தார். லோகோவை அதில் சேர்த்தது தான்தான் என்று நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் 2021 நவம்பரில் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். முதலீட்டாளர்களை ஏமாற்றிய வழக்கில், 4 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளி என 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஃபைசருக்கும் தெரனோஸுக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல முடியாது. தொடர்பு இருந்தது. ஆனால் லோகோ சொன்ன கதை வேறு, நடந்தது வேறு. இன்று கம்பெனி வெப்சைட்டுகளில் நடப்பதும் பெரும்பாலும் இதுதான். சுத்தப் பொய்யைவிட, பாதி உண்மையே அதிகம்.

ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடப்போகிறவர், கோர்ஸுக்குப் பணம் கட்டப்போகிறவர், புது கம்பெனிக்கு ஃப்ரீலான்ஸ் வேலை செய்யப்போகிறவர் என எல்லோரும் முதலில் பார்ப்பது வெப்சைட்டைத்தான். அங்கே வரிசையாக மின்னும் முத்திரைகளை எப்படிச் சரிபார்ப்பது?

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம்

புரிந்துகொள்ள வசதியாக ஒரு கற்பனை நிறுவனம். கோவையில் உள்ள ஒரு சிறிய ஐ.டி. கம்பெனி. இரண்டு வருட அனுபவம் உள்ள ஒரு இளைஞருக்கு அங்கிருந்து ஆஃபர் வந்திருக்கிறது. இப்போது இருக்கும் வேலையை விட்டால் 60 நாள் நோட்டீஸ். ராஜினாமா கொடுத்துவிட்டால் திரும்பப் பெறுவது கஷ்டம்.

கம்பெனியின் முகப்புப் பக்கத்தில் 3 முத்திரைகள் இருக்கின்றன. ஒன்று 'கிரேட் பிளேஸ் டு வொர்க்' சான்றிதழ், இன்னொன்று 'ஆண்டின் சிறந்த வளரும் நிறுவனம்' விருது, மூன்றாவது ஐ.எஸ்.ஓ. சான்று. கீழே 'எங்களைப் பற்றிப் பேசியவர்கள்' என்று 4 செய்தி நிறுவனங்களின் லோகோ. அதற்கும் கீழே 'எங்களை நம்புபவர்கள்' என்று 10 பெரிய நிறுவனங்களின் லோகோ.

சரிபார்ப்பதற்கான அடிப்படை விதி ஒன்றுதான். லோகோவைக் காட்டுகிறவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அந்த லோகோவின் சொந்தக்காரர் என்ன சொல்கிறார் என்று பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அதற்கான வழிகள்தான்.

விருது: கொடுத்தவர் யார், எந்த வருடம், எதற்காக?

ஒரு விருது முத்திரையில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும். கொடுத்த அமைப்பின் பெயர், வருடம், எந்தப் பிரிவு. இதில் ஒன்று இல்லாவிட்டாலும் சந்தேகத்தோடுதான் அணுக வேண்டும். வெறுமனே 'விருது பெற்ற நிறுவனம்' என்ற தங்கநிற வட்டத்துக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அந்த மாதிரி டிசைன்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து முத்திரையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது லிங்க்காக இருந்தால் எங்கே போகிறது என்பது முக்கியம். விருது கொடுத்த அமைப்பின் சொந்தத் தளத்துக்குப் போனால் நல்லது. அதே கம்பெனியின் இன்னொரு பக்கத்துக்கே போனால் அது ஆதாரம் ஆகாது. லிங்க் இருந்தாலும் இல்லாவிட்டாலும், விருது அமைப்பின் தளத்தை கூகுளில் தனியாகத் தேடிப் போய் வெற்றியாளர் பட்டியலைப் பார்ப்பதே பாதுகாப்பு.

கோவை உதாரணத்துக்கு வருவோம். 'கிரேட் பிளேஸ் டு வொர்க்' அமைப்பு, தான் சான்றளித்த இந்திய நிறுவனங்களின் பட்டியலை greatplacetowork.in தளத்தில் வைத்திருக்கிறது. அந்தச் சான்று 12 மாதங்களுக்கு மட்டுமே செல்லும். ஒவ்வொரு வருடமும் புதிதாக வாங்க வேண்டும். நம் கம்பெனியின் முத்திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தால், காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. பட்டியலிலும் பெயர் இல்லை. இது போலி அல்ல. ஆனால் பழைய கதை. இடையில் ஊழியர்கள் எத்தனை பேர் வெளியேறினார்கள், சூழல் எப்படி மாறியது என்பது அந்த முத்திரையில் தெரியாது.

இரண்டாவது விருது இன்னும் சிக்கலானது. விருது அமைப்புக்குத் தளம் இருக்கிறது. வெற்றியாளர் பட்டியலில் நம் கம்பெனியின் பெயரும் இருக்கிறது. அப்படியென்றால் சரிதானே?

அவசரப்பட வேண்டாம். 2008-ல் ராபின் கோல்ட்ஸ்டீன் என்ற அமெரிக்க ஒயின் எழுத்தாளர் ஒரு சோதனை செய்தார். இத்தாலியின் மிலான் நகரில் 'ஆஸ்டீரியா லின்ட்ரெபிடோ' என்று ஓர் உணவகம் இருப்பதாக ஒரு வெப்சைட்டை உருவாக்கினார். உணவகம் நிஜத்தில் இல்லை. 250 டாலர் கட்டணத்தோடு, ஒயின் பட்டியல் ஒன்றையும் சேர்த்து, புகழ்பெற்ற 'ஒயின் ஸ்பெக்டேட்டர்' இதழின் உணவக விருதுக்கு விண்ணப்பித்தார். பட்டியலின் உயர்விலைப் பகுதியில் அவர் சேர்த்தவை, அந்த இதழே மோசம் என்று மதிப்பெண் போட்டிருந்த ஒயின்கள். இல்லாத உணவகத்துக்கு விருது கிடைத்தது.

அங்கே முத்திரை அசல். கொடுத்ததும் பெயர் பெற்ற இதழ். ஆனால் கொடுப்பதற்கு முன் யாரும் அந்த உணவகத்துக்குப் போய்ப் பார்க்கவில்லை. ஆகவே விருது நிஜமா என்பதோடு, அதைக் கொடுப்பதற்கு முன் எதைச் சோதித்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.

இதற்கு விருது அமைப்பின் தளத்திலேயே பதில் இருக்கும். நடுவர்கள் யார் என்று பெயரோடு போட்டிருக்கிறார்களா? எந்த அளவுகோலில் மதிப்பிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்களா? ஒரே வருடத்தில் எத்தனை பிரிவுகள், எத்தனை வெற்றியாளர்கள்? விண்ணப்பக் கட்டணம் வாங்குவது மட்டுமே தவறு ஆகாது. மரியாதையான விருதுகள் பலவும் கட்டணம் வாங்குகின்றன. ஆனால் 'நீங்க ஜெயிச்சிட்டீங்க' என்று முதலில் மெயில் அனுப்பிவிட்டு, கேடயம், மேடை, போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பேக்கேஜ் தொகை கேட்டால், அது விருது இல்லை, விற்பனை.

விருது அமைப்பின் தளம் எப்போது பதிவானது என்பதையும் பார்க்கலாம். lookup.icann.org தளத்தில் .com, .org போன்ற முகவரிகளைக் கொடுத்தால் பதிவான தேதி தெரியும். நம் உதாரணத்தில், '15 ஆண்டு பாரம்பரியம்' என்று சொல்லும் விருது அமைப்பின் தளம் போன வருடம்தான் பதிவாகியிருக்கிறது. நடுவர் பெயர் ஒன்றுகூட இல்லை. 'ஸ்பான்சர் பேக்கேஜ்' பக்கம் மட்டும் விரிவாக இருக்கிறது. முடிவு சொல்லத் தேவையில்லை.

ஐ.எஸ்.ஓ., எம்.எஸ்.எம்.இ.: விருது மாதிரி தெரியும் வேறு விஷயங்கள்

விருதுகளோடு சேர்த்து வைக்கப்படும் இன்னொன்று ஐ.எஸ்.ஓ. முத்திரை. இதில் பலருக்கும் தெரியாத விஷயம், ஐ.எஸ்.ஓ. அமைப்பு எந்த நிறுவனத்துக்கும் சான்றிதழ் கொடுப்பதே இல்லை. அது தரநிலைகளை எழுதி வெளியிடுகிறது, அவ்வளவுதான். சான்று தருபவை தனித்தனி சான்றளிப்பு நிறுவனங்கள். ஐ.எஸ்.ஓ.வின் சொந்த லோகோவைச் சான்று பெற்ற கம்பெனிகள் பயன்படுத்தவும் அனுமதி கிடையாது. எனவே ஐ.எஸ்.ஓ. லோகோவை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தால், அதுவே ஒரு எச்சரிக்கை மணி.

சரியான சான்றில் தரநிலை எண் (உதாரணமாக ISO 9001:2015), சான்றளித்த நிறுவனம், சான்று எண், முகவரி, எந்த வேலைக்குச் சான்று, எதுவரை செல்லும் என்பது இருக்கும். iafcertsearch.org தளத்தில் கம்பெனி பெயரைக் கொடுத்துத் தேடலாம். எல்லாச் சான்றுகளும் அங்கே இருக்காது. அங்கே கிடைக்காவிட்டால், சான்றளித்த நிறுவனத்தின் தளத்தில் சான்று எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். 'எந்த வேலைக்கு' என்ற வரியை விட்டுவிடக் கூடாது. கம்பெனி விற்பது சாஃப்ட்வேர், சான்று வாங்கியதோ பயிற்சி வகுப்பு நடத்துவதற்கு என்றால், உங்களுக்கு அதனால் பயன் இல்லை.

'எம்.எஸ்.எம்.இ. சர்டிஃபைட்' என்பதும் அப்படித்தான். உத்யம் பதிவு என்பது தொழில்முனைவோர் தாங்களே விவரம் கொடுத்து, இலவசமாகச் செய்துகொள்ளும் பதிவு. தரத்துக்கு அரசு கொடுத்த பாராட்டு அல்ல. அதோடு அசோகச் சின்னத்தையும் தனியார் கம்பெனி போட்டிருந்தால் இன்னும் உஷார். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதை 2005-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

மீடியா: செய்தியா, காசு கொடுத்த அறிக்கையா?

அடுத்து, பத்திரிகை லோகோக்கள். இதைச் சரிபார்ப்பது சுலபம். கூகுளில் அந்தச் செய்தித் தளத்துக்குள் மட்டும் தேட ஒரு வழி இருக்கிறது.

```
site:thehindu.com "Company Name"
```

முதலில் செய்தித் தளத்தின் முகவரி, பிறகு மேற்கோள் குறிக்குள் கம்பெனியின் பெயர். இடையில் இடைவெளி விட வேண்டும். ஆனால் site: என்பதற்கும் முகவரிக்கும் நடுவே இடைவெளி கூடாது. கம்பெனியின் சட்டப்பூர்வப் பெயரும் பிராண்டு பெயரும் வேறாக இருந்தால் இரண்டையும் போட்டுத் தேட வேண்டும்.

கட்டுரை கிடைத்ததும் முதலில் போக வேண்டிய இடம் அதன் தலைப்பு அல்ல, அடிப்பகுதி. பணம் கொடுத்து வெளியிடப்படும் பத்திரிகை அறிக்கைகளில் பெரும்பாலும் அங்கேதான் பொறுப்புத் துறப்பு இருக்கும். பி.டி.ஐ. செய்தி நிறுவனம் வழியாக வரும் அத்தகைய அறிக்கைகளில், இது ஓர் ஏற்பாட்டின் கீழ் வெளியிடப்படுகிறது, இதற்கு ஆசிரியர் குழு பொறுப்பேற்காது என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். ஏ.என்.ஐ. வெளியிடும் அறிக்கைகளிலும் இதேபோன்ற குறிப்பு உண்டு. இந்த அறிக்கைகளைப் பல செய்தித் தளங்கள் தானாகவே எடுத்துப் போட்டுவிடும். அதனால்தான் ஒரே அறிக்கையைக் கொடுத்துவிட்டு, பத்துத் தளங்களின் லோகோவைப் போட்டுக்கொள்ள முடிகிறது.

தலைப்புக்கு மேலேயும் பார்க்க வேண்டும். 'ஸ்பான்சர்டு', 'பார்ட்னர் கன்டென்ட்', 'அட்வெர்டோரியல்' என்றெல்லாம் சின்ன எழுத்தில் இருந்தால் அது விளம்பரம். எழுதிய நிருபரின் பெயர் இருக்கிறதா, கம்பெனியைத் தவிர வேறு யாருடைய கருத்தாவது உள்ளே இருக்கிறதா என்பதும் நல்ல அளவுகோல். நிருபர் எழுதிய செய்தியில் போட்டியாளர், வாடிக்கையாளர், துறை வல்லுநர் என யாராவது ஒருவர் பேசியிருப்பார்.

நம் கோவை கம்பெனியின் 4 லோகோக்களில், இரண்டில் தேடியும் எதுவும் இல்லை. ஒன்றில் இருப்பது காசு கொடுத்த அறிக்கை. நான்காவதில் நிஜமான செய்தி இருக்கிறது. ஆனால் அது ஒரு தொழில் கண்காட்சி பற்றியது. பங்கேற்ற 30 நிறுவனங்களின் பட்டியலில் கம்பெனியின் பெயர் ஒருமுறை வருகிறது.

'எதுவும் இல்லை' என்பதை வைத்து உடனே பொய் என்று முடிவுகட்ட முடியாது. அச்சுப் பதிப்பில் மட்டும் வந்திருக்கலாம், பழைய பக்கத்தைத் தளமே நீக்கியிருக்கலாம். அதற்கு web.archive.org உதவும். பழைய லிங்க்கைக் கொடுத்தால், சேமித்து வைத்த பிரதி இருந்தால் கிடைக்கும். அச்சில் வந்தது என்றால், தேதியும் பதிப்பும் கேட்டால் போதும். நிஜமாகவே செய்தி வந்திருந்தால் அந்தக் கட்டிங்கை ஃபிரேம் போட்டே மாட்டியிருப்பார்கள்!

கிளையண்ட் லோகோ: இதுதான் கஷ்டமான பகுதி

விருதுக்கும் செய்திக்கும் பொதுவெளியில் பதிவு இருக்கும். வாடிக்கையாளர் உறவுக்குப் பெரும்பாலும் இருக்காது. பெரிய நிறுவனங்கள் தங்கள் சப்ளையர் பட்டியலை வெளியிடுவது அபூர்வம். உண்மையான வேலை செய்தும், ரகசிய ஒப்பந்தம் காரணமாகப் பெயர் சொல்ல முடியாத கம்பெனிகளும் உண்டு. அதனால் இங்கே நேரடி ஆதாரத்தைவிடச் சின்னச் சின்ன அடையாளங்களே உதவும்.

முதல் அடையாளம், தலைப்பில் உள்ள வார்த்தை. 'வாடிக்கையாளர்கள்' என்பது ஒன்று. 'நம்புபவர்கள்', 'இணைந்து பயணித்தவர்கள்' என்பது வேறு. ஒரு பெரிய நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் ஆபீஸ் மெயிலில் இலவச டிரயல் எடுத்திருந்தாலும் அந்த லோகோவைப் போட்டுவிடுகிறார்கள். பயிற்சி நிறுவனங்களில் 'எங்கள் மாணவர்கள் வேலை செய்யும் இடங்கள்' என்ற வரியை எடுத்துவிட்டு லோகோவை மட்டும் வைப்பதும் உண்டு.

இரண்டாவது, லோகோவின் வயது. ட்விட்டர் 2023 ஜூலையில் 'எக்ஸ்' என்று பெயரும் சின்னமும் மாறியது. 2024-ல் தொடங்கிய கம்பெனியின் வாடிக்கையாளர் வரிசையில் அந்த நீலப் பறவை இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். ரெடிமேட் டிசைன் டெம்ப்ளேட்டோடு வந்த லோகோக்களை மாற்றாமல் விட்டிருக்கலாம்.

மூன்றாவது, லோகோவுக்குப் பின்னால் கதை இருக்கிறதா என்பது. எந்த வருடம், என்ன பிரச்னை, என்ன செய்தார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதியிருந்தால் நம்பகம் கூடும். பாராட்டு வாசகம் இருந்தால், சொன்னவரின் பெயரையும் பதவியையும் லிங்க்டின்னில் தேடலாம். போட்டோவை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடினால், அதே முகம் வேறு வேறு பெயர்களில் பத்துத் தளங்களில் சிரிக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கோவை கம்பெனியின் 10 லோகோக்களில் இரண்டுக்கு விவரமான பக்கம் இருக்கிறது. பாராட்டியவர்களும் லிங்க்டின்னில் அதே பதவியில் இருக்கிறார்கள். மீதி எட்டுக்கு எந்தத் தடயமும் இல்லை. அதை நேரடியாகக் கேட்டுவிடலாம். ஹெச்.ஆரிடம் இப்படிக் கேட்பதில் தப்பே இல்லை: "மேடம், உங்க சைட்ல இந்த பேங்க் லோகோ பார்த்தேன். நான் சேரப்போற டீம் அவங்களுக்கு வேலை பண்ணுதா? நேரடி கான்ட்ராக்டா, வேற கம்பெனி மூலமாவா? எந்த வருஷத்துல இருந்து?"

பதிலில் வருடமும் வேலையின் தன்மையும் இருந்தால் நல்லது. "அது இன்னொரு கம்பெனிக்குக் கீழ நாங்க பண்ண சப்-கான்ட்ராக்ட்" என்று சொன்னாலும் நேர்மையான பதில்தான். "அதெல்லாம் சேர்ந்த பிறகு தெரியும்" என்றால் ராஜினாமாக் கடிதம் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால்?

கோவை கம்பெனி மோசடியா? கிடைத்த தகவலை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. இரண்டு நிஜமான வாடிக்கையாளர்கள் உள்ள சின்ன கம்பெனி, தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. அந்த இளைஞர் அதில் சேரலாம். ஆனால் 10 பெரிய வாடிக்கையாளர்கள் உள்ள கம்பெனி என்று நினைத்துச் சேரக் கூடாது. இரண்டில் ஒரு வாடிக்கையாளர் போனால் சம்பளம் என்ன ஆகும் என்று யோசித்து, அதற்கேற்றபடி பேச வேண்டும்.

கம்பெனி தொடங்கிய தேதியையும் கார்ப்பரேட் விவகார அமைச்சகத்தின் mca.gov.in தளத்தில் பார்த்துவிடுவது நல்லது. 2021-ல் பதிவான கம்பெனி 2019-ல் விருது வாங்கியிருந்தால் அதற்கு விளக்கம் வேண்டும்.

வேலை கொடுக்கிறேன் என்று சொல்லி டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று பணம் கேட்கும் இடத்தில் நிலைமை வேறு. அங்கே ஒரு முத்திரை பொய் என்று தெரிந்தாலும் பணம் கட்டாமல் விலகிவிடுவதே சரி. கட்டிவிட்டு ஏமாந்தால், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம், cybercrime.gov.in தளத்திலும் புகார் செய்யலாம். பணம் கட்டி வாங்கிய பொருள், கோர்ஸ் போன்றவற்றில் பொய் விளம்பரம் என்றால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே தவறை மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை போகும்.

புகார் செய்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, web.archive.org தளத்தில் அதன் முகவரியைக் கொடுத்துச் சேமித்துவிட வேண்டும். கேள்வி வந்ததும் முதலில் காணாமல் போவது அந்த லோகோக்கள்தான்.